தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைக்கும் முட்டை: வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரிந்து போகிறது, என்ன செய்வது?

மண்டபம்_தங்குமிடம்

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்தில் வீட்டு மாடியில் இரண்டு அறை வைத்து விருந்தினருக்கு விடுகிறோம். காற்றுக் காலம் தொடங்கிவிட்டதால், பட்டம் இழுக்கக் கடலில் பலகைமேல் சறுக்கும் பட்டச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் தங்குகிறார்கள். இட்லி, இடியாப்பம், மீன் குழம்பு எதைக் கொடுத்தாலும் சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் காலையில் சிலர் போச்டு முட்டை கேட்கிறார்கள். ஓடு இல்லாமல், எண்ணெய் இல்லாமல், கொதிநீரில் நேராக உடைத்து ஊற்றி எடுப்பது. வெளியே வெள்ளை உருண்டையாக மூடியிருக்க வேண்டும், வெட்டினால் மஞ்சள் கரு வழிய வேண்டும்.

எனக்கு அது வரவில்லை. தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்ததும் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டு, கரண்டியால் வேகமாகச் சுழற்றி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றுகிறேன். பாத்திரம் முழுக்க வெள்ளை நுரையும் நூலுமாகப் பரவிவிடுகிறது. கடைசியில் மஞ்சள் கரு மேல் கந்தல் துணி சுற்றியது போல ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது.

முட்டை கடையில் வாங்கும் அட்டை முட்டைதான். அடுப்படி மேடையிலேயே வைத்திருக்கிறேன். சமையலுக்குக் கிணற்றுத் தண்ணீர். வினிகரைக் கூட்ட வேண்டுமா, இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டுமா?

தொண்டி_ரோடு

ரொம்ப எளிது. தோசைக்கல் நன்றாகக் காய வேண்டும், எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். முட்டையை ஊற்றியதும் அடுப்பைக் குறைத்து, ஓரத்தில் அரைக் கரண்டி தண்ணீர் தெளித்து மூடி போடுங்கள். ஆவியிலேயே மேல்பக்கம் வெந்துவிடும், மஞ்சள் உடையாது. மிளகுத்தூளைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலில் போட்டால் கருகும். வெள்ளை பரவினால் தோசைத் திருப்பியால் ஓரத்தை உள்ளே தள்ளிவிடுங்கள்.

மண்டபம்_தங்குமிடம்

நன்றி தம்பி, அது ஆஃப்பாயில். அது வீட்டில் எல்லாருக்கும் நன்றாக வருகிறது. நான் கேட்டது எண்ணெயே இல்லாமல் தண்ணீருக்குள் வேகவைப்பதை.

தேவிபட்டினம்_அடுப்படி

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதானே. புளிக்குழம்பு கொதிக்கும்போது முட்டையை உடைத்து ஊற்றுவோம். கரண்டி போடாமல் மூடி வைப்போம். திறந்தால் முட்டை முழுசாக உட்கார்ந்திருக்கும். புளிப்புதான் காரணம். புளி வெள்ளைக்கருவைப் பிடித்து நிறுத்தும். அதே வேலையை வினிகர் செய்கிறது. உங்களுக்குப் புளிப்பு போதவில்லை. நாலைந்து ஸ்பூன் விடுங்கள், தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும், சரியாக வரும்.

கீழக்கரை_சமையல்கட்டு

அக்கா சொன்னதில் பாதி சரி. குழம்பில் முட்டை நிற்பதற்குப் புளி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் குழம்பு கெட்டியாக இருப்பது. தேங்காய் அரைத்து விட்ட குழம்பில் வெள்ளைக்கரு ஓட வழியில்லை, விழுந்த இடத்திலேயே வேகும். தண்ணீரில் அந்தத் தடுப்பு கிடையாது. குமிழி வெடிக்கிற கொதியில் போட்டால் ஒவ்வொரு குமிழியும் வெள்ளையைப் பிய்த்துக்கொண்டு போகும். குழம்பிலுமே, முட்டை ஊற்றியதும் அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் மூடுவீர்கள், யோசித்துப் பாருங்கள்.

துபாயில் ஓட்டல் சமையல்கட்டில் பல வருஷம் காலை உணவுப் பிரிவில் நின்றவன் நான். அங்கே புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் முதலில் இந்த முட்டையில்தான் சிக்குவார்கள். எல்லாரும் தங்கச்சி கேட்டதையேதான் கேட்பார்கள்: வினிகரைக் கூட்டவா, வேகமாகச் சுற்றவா. இரண்டும் இல்லை. முதலில் முட்டையைப் பார்க்க வேண்டும்.

ஒரு முட்டையைத் தட்டையான தட்டில் உடைத்து ஊற்றிப் பாருங்கள். மஞ்சளைச் சுற்றிக் கெட்டியாக, கொஞ்சம் உயரமாக ஒரு வெள்ளை நிற்கும். அதற்கு வெளியே தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை பரவும். அன்று இட்ட முட்டையில்கூட அந்தத் தண்ணீர் வெள்ளை உண்டு, மொத்த வெள்ளையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பாத்திரத்தில் நூலாகிறது, நுரையாகிறது எல்லாம் அதுதான். கெட்டி வெள்ளை அப்படிப் பிரியாது. முட்டை பழசாகப் பழசாகக் கெட்டி வெள்ளை இளகித் தண்ணீர் வெள்ளையாக மாறிக்கொண்டே போகும். வெயிலில் இது வேகமாக நடக்கும். நம் ஊர் அடுப்படி மேடையில் ஒரு நாள் கிடக்கிற முட்டை, குளிர்பெட்டியில் பல நாள் இருந்த முட்டை அளவுக்கு முதிர்ந்துவிடும். நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து, மொத்தக் கடையில் இறங்கி, சில்லறைக் கடை வாசலில் வெயில் பட்டு, அப்புறம் உங்கள் மேடைக்கு வருகிறது. உங்கள் கைக்கு வரும்போதே பாதி வெள்ளை தண்ணீராகியிருக்கும். அதை எந்தச் சுழலும் காப்பாற்றாது.

அதனால் இரண்டு வேலை. ஒன்று, ஒரு செம்புத் தண்ணீரில் முட்டையைப் போடுங்கள். அடியில் படுத்தால் புதுசு. அடியில் இருந்துகொண்டே நிமிர்ந்து நின்றால் பழசு, அது ஓட்டோடு அவிக்கவும் ஆம்லெட்டுக்கும். மிதந்தால் வேண்டாம். இரண்டாவது, முட்டையை ஒரு வடிகட்டியில் உடைத்து ஊற்றி, கால் நிமிஷம் மெல்ல அசையுங்கள். தண்ணீர் வெள்ளை கீழே இறங்கிவிடும். கெட்டி வெள்ளையும் மஞ்சளும் வடிகட்டியில் தங்கும். டீ வடிகட்டி வேண்டாம், கண் ரொம்பச் சின்னது, வழுக்கிக்கொண்டு இறங்காது. பழச்சாறு வடிகட்டி போதும். பிறகு அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சுழல். பாத்திரத்தில் அரைச் சாண் உயரத்துக்காவது தண்ணீர் வேண்டும். ஆழம் இல்லாவிட்டால் முட்டை அடியில் ஒட்டித் தட்டையாகும். தண்ணீர் ஒரு கொதி வந்ததும் அடுப்பைக் குறையுங்கள். அடியில் சின்னச் சின்னக் குமிழி ஒட்டியிருக்க வேண்டும், மேலே ஆவி வர வேண்டும், ஆனால் மேல்பரப்பு குதிக்கக் கூடாது. வெப்பமானி இருந்தால் 85 டிகிரி பக்கம். கரண்டிக் காம்பால் ஒரே பக்கமாக நாலைந்து சுற்று. உடனே ஊற்றாதீர்கள். நடுவில் விழுந்த குழி மெல்ல நிரம்பி, தண்ணீர் சோம்பலாகச் சுற்றும்வரை பொறுங்கள். அப்போது கிண்ணத்தின் விளிம்பு தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்தி, நடுவில் நழுவ விடுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் விழுகிற வேகத்திலேயே வெள்ளை சிதறும்.

டீத்தூள் போட்ட டம்ளரைக் கலக்கிவிட்டு நிறுத்தினால் தூள் எல்லாம் அடியில் நடுவுக்கு வந்து குவியும், பார்த்திருப்பீர்கள். சுற்றுகிற தண்ணீரின் அடிப்பகுதி நடுவை நோக்கித்தான் இழுக்கும். அந்த இழுப்புதான் வெள்ளையை மஞ்சளின் மேல் மடக்கிப் போர்த்துகிறது. வேகமாகச் சுற்றினால் வெள்ளை ரிப்பன் ரிப்பனாகக் கிழியும்.

அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம். ஜல்லிக் கரண்டியில் தூக்கி விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளை உறுதியாக இருக்க வேண்டும், நடுவில் தொட்டால் உள்ளே ஆட வேண்டும். மஞ்சளுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி வழவழப்பு தெரிந்தால் இன்னும் கால் நிமிஷம் விடுங்கள்.

மண்டபம்_தங்குமிடம்

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. இப்போதே அட்டையிலிருந்து ஐந்தாறு முட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட படுக்கவில்லை. எல்லாம் நிமிர்ந்துதான் நிற்கின்றன. ஒன்றை வடிகட்டினேன், பாதி கீழே போய்விட்டது! மிச்சம் இருந்தது மஞ்சளும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமும்தான்.

கீழக்கரை_சமையல்கட்டு

அதுதான் விஷயம். உங்கள் கையில் குறை இல்லை. வடிந்த வெள்ளையைக் கொட்டாதீர்கள், ஆம்லெட்டிலோ பணியார மாவிலோ சேர்த்துக்கொள்ளலாம். நல்ல முட்டை கிடைக்கும்வரை வேறு எதையும் மாற்றிப் பார்த்துப் பலன் இல்லை.

பாம்பன்_பாலத்தடி

தண்ணீரில் போட்டுப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். கடற்கரையில் கூடாரம் போட்டுச் சமைக்கிறவர்கள் அவசரத்துக்குக் கடல் தண்ணீரிலேயே போட்டுப் பார்ப்பார்கள். கடல் தண்ணீர் கனம் கூடியது, அதனால் கொஞ்சம் முதிர்ந்த முட்டைகூட அதில் மிதந்துவிடும். நல்ல தண்ணீரில் அது மூழ்கியிருக்கும். கெட்ட முட்டை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, காற்று. ஆடி மாசம் எங்கள் பக்கம் ஜன்னலைத் திறந்தால் அடுப்புத் தீ ஒரு பக்கமாகச் சாயும். பாத்திரத்தின் ஒரு ஓரம் குதிக்கும், மற்ற ஓரம் சும்மா இருக்கும். சுழல் நடுவில் நிற்காது, முட்டை கொதிக்கிற பக்கம் போய்ப் பிய்ந்துவிடும். முட்டை விடும் நேரத்தில் அடுப்பையே அணைத்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். கனமான பாத்திரமும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் இருந்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும், நேரம் ஒரு நிமிஷம் கூடும்.

உச்சிப்புளி_நாட்டுக்கோழி

என் வீட்டுக் கோழி இடுகிற முட்டைகளைச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுகிறேன். எனக்கு ஒரு சந்தேகம். காலையில் இட்ட முட்டையை உடைத்தால் வெள்ளைக்கரு தெளிவாக இல்லாமல் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கிறது. வாங்கியவர் ஒருவர் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏதாவது நோயா? இந்த மாதிரி முட்டை போச்டு செய்ய ஆகுமா?

பரமக்குடி_வேதியியல்

நோய் இல்லை ஐயா. புது முட்டைக்குள் கரியமிலவாயு நிறைய கரைந்திருக்கும், அந்த மங்கல் அதனால்தான். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே வாயு வெளியேற வெளியேற வெள்ளை தெளியும். அதே நேரத்தில் வெள்ளையின் காரத்தன்மையும் ஏறும். புதிதில் பி.எச் 7.6 பக்கம் இருப்பது சில நாளில் 9-ஐத் தாண்டிவிடும். அந்தக் காரம் ஏற ஏறத்தான் கெட்டி வெள்ளை இளகுகிறது. திருப்பிக் கொடுத்தவர் இருப்பதிலேயே நல்ல முட்டையைத் திருப்பியிருக்கிறார். மண்டபம் அக்கா தேடுவது உங்கள் முட்டையைத்தான்.

இப்போது தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. இதை யாரும் கவனிக்கவில்லை. அக்கா கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறார். நம் கடற்கரைக் கிணறுகளில் உப்பு மட்டும் இல்லை, பைகார்பனேட்டும் நிறைய இருக்கும். காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது அதன் அடையாளம். வினிகர் என்பது அமிலம். அந்தத் தண்ணீரில் விட்டதும் பைகார்பனேட் அதைத் தின்றுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் அசெட்டிக் அமிலம் 4 சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி விடுகிறோம். உங்கள் கிணற்றில் காரத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மேசைக்கரண்டியில் இருக்கும் அமிலத்தைப் பத்துப் பங்கு என்றால், எட்டுப் பங்கு தண்ணீரோடு சேர்ந்தே தீர்ந்துவிடும். முட்டைக்கு மிஞ்சுவது இரண்டு பங்கு. நல்ல தண்ணீரில் பி.எச் 3.5 பக்கம் இறங்கியிருக்கும், இங்கே 5-க்குக் கீழேகூட வராது.

அமிலம் எதற்கு வேண்டும்? வெள்ளைக்கருவின் புரதங்கள் ஒரே மாதிரி மின்னூட்டம் உள்ளவை, அதனால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அமிலம் அந்தத் தள்ளலைக் குறைக்கும். உடனே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, குறைந்த சூட்டிலேயே உறையும். வெளித்தோல் சீக்கிரம் கட்டிவிட்டால் உள்ளே இருப்பது வெளியே ஓடாது. அவ்வளவுதான் வினிகரின் வேலை.

தேவிபட்டினம்_அடுப்படி

அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே? கிணற்றுத் தண்ணீர் பாதி வினிகரைத் தின்றுவிடுகிறது என்றால் கூட விடத்தானே வேண்டும்?

பரமக்குடி_வேதியியல்

அந்தத் தண்ணீரிலேயேதான் செய்வேன் என்றால் கூட விட வேண்டியதுதான், அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு மாதிரி. எவ்வளவு தீரும், எவ்வளவு மிஞ்சும் என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. மிஞ்சியது அதிகமாகிவிட்டால் முட்டையின் மேல்தோல் வழவழப்பு போய்ச் சொரசொரவென்று, சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிடும். புளிப்பும் ஏறும். அதைவிடக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டால் ஒரு மேசைக்கரண்டியோடு முடிந்தது. அதே தண்ணீரில் அடுத்தடுத்து பல முட்டை போடலாம், வீணாகாது.

ராமநாதபுரம்_இரு_பிள்ளைகள்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் சின்னவனுக்கு ஒன்றரை வயது. அவித்த முட்டை கொடுத்தால் மஞ்சள் தொண்டையில் அடைக்கிறது என்று துப்பிவிடுகிறான். இப்படி மஞ்சள் இளக்கமாக இருக்கும் முட்டை கொடுக்கலாமா? நானும் இப்போது ஐந்து மாதம், எனக்கும் ஆசையாக இருக்கிறது.

கீழக்கரை_சமையல்கட்டு

வேண்டாம்மா, இரண்டு பேருக்குமே வேண்டாம். மஞ்சள் வழிகிற பதம் என்றால் உள்ளே சூடு முழுசாக ஏறவில்லை என்று அர்த்தம். முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருந்தால் அது சாகாது. ஓட்டலில்கூடக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் மஞ்சள் கெட்டியாகும்வரை விட்டுத்தான் கொடுப்போம்.

இதே முறையில் செய்து ஆறேழு நிமிஷம் விடுங்கள். வெள்ளை மென்மையாகவே இருக்கும், மஞ்சள் உறைந்துவிடும். பிள்ளைக்கு அதைப் பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள், தொண்டையில் நிற்காது.

ராமநாதபுரம்_இரு_பிள்ளைகள்

சரி அண்ணே, அப்படியே செய்கிறேன். நன்றி.

உச்சிப்புளி_நாட்டுக்கோழி

பரமக்குடி ஐயா சொன்ன பிறகு மனசு நிம்மதியாச்சு. மண்டபம் அக்காவுக்கு நாளைக் காலையில் பஸ்ஸில் ஒரு டஜன் அனுப்பிவைக்கிறேன், தனிச்செய்தியில் பேசிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். நாட்டுக்கோழி முட்டை சின்னது, 40 கிராம் பக்கம்தான் இருக்கும். பண்ணை முட்டைக்குச் சொன்ன நேரம் இதற்குக் கூடுதல்.

மண்டபம்_தங்குமிடம்

முட்டை வந்தது. இன்று காலை செய்து பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன், எனக்குப் பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

உச்சிப்புளி முட்டை செம்பில் போட்டதும் அடியில் படுத்துக்கொண்டது. தட்டில் ஒன்றை உடைத்தேன். மஞ்சள் குன்று மாதிரி நின்றது, வெள்ளை அதைவிட்டு நகரவே இல்லை. கடை முட்டையையும் பக்கத்தில் உடைத்தேன், அது தட்டு முழுக்கப் பரவிவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்த பிறகுதான் அண்ணன் சொன்னது முழுசாகப் புரிந்தது.

முதலில் நாட்டு முட்டையையும் கிணற்றுத் தண்ணீரையும் வைத்துச் செய்தேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி வினிகர், மெல்லிய சுழல். முட்டையை வடிகட்டினேன், கொஞ்சம்தான் இறங்கியது. உருண்டையாக வந்தது, ஆனால் ஓரத்தில் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரும் கொஞ்சம் மங்கியது.

அடுத்ததற்குத் தண்ணீரை மட்டும் மாற்றினேன். குழாயில் வந்த காவிரித் தண்ணீர். மற்றதெல்லாம் அப்படியே. முட்டை விழுந்த நொடியிலேயே மேலே வெள்ளைத் தோல் கட்டியது கண்ணுக்குத் தெரிந்தது. சுழல் அதை ஒருமுறை உருட்டிவிட்டு நின்றது. வால் இல்லை. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இரண்டே முக்கால் நிமிஷத்தில் எடுத்தேன். வெட்டினால் மஞ்சள் தேன் மாதிரி இறங்கியது.

மூன்றாவதாக, கடை முட்டையையே வடிகட்டிக் காவிரித் தண்ணீரில் விட்டேன். நூல் பிரியவில்லை, அதுவே பெரிய வித்தியாசம். ஆனால் வெள்ளை மெல்லியதாக இருந்ததால் எடுக்கும்போது ஒரு பக்கம் மஞ்சள் தெரிந்தது. விருந்தினருக்கு வைக்க முடியாது, வீட்டில் சாப்பிடலாம்.

பாம்பன்_பாலத்தடி

அருமை. ஆனால் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. இவ்வளவு புது முட்டை கையில் இருந்து, வடிகட்டவும் செய்தால், வினிகரே தேவையில்லை. என் வீட்டில் நான் விடுவதில்லை. வினிகர் வாசனை லேசாக இருந்தாலும் முட்டையின் ருசியை மறைக்கிறது. அன்றைக்கு இட்ட முட்டைக்கு ஒரு தனி ருசி உண்டு, அதைக் கெடுப்பானேன்?

கீழக்கரை_சமையல்கட்டு

தம்பி, உங்கள் வீட்டில் ஒரு முட்டைக்கு அது சரி. நான் ஒரு காலையில் நூற்றுக்கணக்கில் போட்டவன். எல்லா முட்டையும் ஒரே புதுமையில் இருக்காது. வினிகர் இருந்தால் சுமாரான முட்டையும் தப்பிக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டியில் வாசனை தெரியாது. அப்படியும் தெரிந்தால், எடுத்ததும் வெறும் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுங்கள்.

பாம்பன்_பாலத்தடி

எனக்குத் தெரிகிறது அண்ணே. மீன் வாடையையும் காற்று மாறுவதையும் மூக்கில் பிடிக்கிற ஊர்க்காரன் நான். மேல்தோலும் வினிகர் இல்லாமல் செய்ததுதான் பட்டு மாதிரி வரும். இதில் நான் மாறமாட்டேன்.

பரமக்குடி_வேதியியல்

தோல் விஷயத்தில் பாம்பன்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமிலம் வெளிப்புறத்தை அவசரமாக உறைய வைப்பதால் கொஞ்சம் மடிப்பும் சுருக்கமும் வரும். ஒழுங்கான உருவம் வேண்டுமா, வழவழப்பான தோல் வேண்டுமா என்பது செய்கிறவர் முடிவு.

தேவிபட்டினம்_அடுப்படி

வினிகர் இல்லாதவர்கள் எலுமிச்சைச் சாறு விடலாமா? வீட்டில் எப்போதும் இருப்பது அதுதான். அப்புறம் உப்பு? குழம்பில் உப்பு இருக்கிறது, முட்டை நன்றாகத்தானே நிற்கிறது. தண்ணீரிலும் உப்புப் போட்டால் என்ன?

கீழக்கரை_சமையல்கட்டு

எலுமிச்சை தாராளமாக விடலாம், விதை விழாமல் ஒரு பழத்தில் பாதி. வேலை செய்யும், வாசனை கொஞ்சம் நிற்கும். உப்பு நான் தண்ணீரில் போடமாட்டேன். போட்டால் வெள்ளை பிசிறு பிசிறாக ஆகும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய சமையல்காரர் சொன்னார். தட்டில் வைத்த பிறகு தூவிக்கொள்ளலாம்.

பரமக்குடி_வேதியியல்

உப்பு வெள்ளைக்கருவைச் சீக்கிரம் உறைய வைக்கத்தான் செய்யும், தடுக்காது. அதனால் பிசிறுக்கு உப்புதான் காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரில் அக்காவுக்கு வால் வந்தது பைகார்பனேட்டாலா உப்பாலா என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டவில்லை. காவிரித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு ஒன்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

மண்டபம்_தங்குமிடம்

அடுத்த முட்டை வந்ததும் அதையும் செய்து பார்க்கிறேன் ஐயா. அதற்கு முன் ஒரு அவசரக் கேள்வி. சனிக்கிழமை ஆறு பேர் வருகிறார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் காற்றுக்குக் கிளம்புவார்கள். ஒவ்வொன்றாகச் சுழற்றிக்கொண்டிருந்தால் முதல் முட்டை ஆறிவிடும். சுழலில் இரண்டு முட்டை விடலாமா?

கீழக்கரை_சமையல்கட்டு

விடாதீர்கள். சுழலில் நடு ஒன்றுதான். இரண்டாவது முட்டை முதலாவதில் மோதும், இரண்டும் கிழியும்.

முந்தின நாள் இரவே செய்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் அரை நிமிஷம் குறைவாக வேகவைத்து, ஐஸ் போட்ட தண்ணீரில் இறக்குங்கள். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் சூட்டிலேயே மஞ்சள் இறுகிக்கொண்டு போகும். ஆறியதும் மூடி போட்ட டப்பாவில் தண்ணீரோடு குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் கெட்டுவிடும், அதில் மட்டும் அசட்டை வேண்டாம். காலையில் கொதிக்காத வெந்நீரில், கை வைத்தால் பொறுக்காத சூடு, ஒரு நிமிஷம் போட்டு எடுத்துத் துணியில் ஒற்றி வையுங்கள். ஆறும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். ஓட்டல்களில் அப்படித்தான் செய்கிறோம்.

அதை வேண்டாம் என்று நினைத்தால் அகலமான வாணலியில் சுழல் இல்லாமல் நான்கு முட்டையை நாலு மூலையில் விடலாம். வடிகட்டிய புது முட்டையாக இருந்தால் சுழல் இல்லாமலும் ஓரளவு உருண்டையாக நிற்கும். விட்ட வரிசையிலேயே எடுக்க வேண்டும்.

உச்சிப்புளி_நாட்டுக்கோழி

ஆறு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு, உடைவதற்கு மேலே ஒன்றிரண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் அக்கா. வந்ததும் உள்ளே வைத்துவிடுங்கள்.

தொண்டி_ரோடு

நானும் இன்று தண்ணீரில் ஒன்று செய்து பார்த்தேன். மஞ்சள் கெட்டியாகிவிட்டது, ஆனால் வெள்ளை பிரியவில்லை. கடை முட்டைதான், இரண்டு கடை மாறி, படுக்கிற முட்டையாகப் பார்த்து வாங்கினேன். பெரிய முட்டை, நாலரை நிமிஷம் விட்டேன், அது கூடுதல் போல.

கீழக்கரை_சமையல்கட்டு

கூடுதல்தான் தம்பி. குளிர்பெட்டியில் இருந்த முட்டை என்றால் நாலு நிமிஷம், வெளியே இருந்தது என்றால் மூன்றரை. மூன்று நிமிஷத்திலேயே ஒருமுறை தூக்கித் தொட்டுப் பாருங்கள், போதவில்லை என்றால் திரும்ப விடலாம்.